மைனஸ் ஒன்று எங்கே நிற்கிறது?

“த்ரீ இன்டு ஈ பவர் டூ எக்ஸ் மைனஸ் ஒன், இதன் நேர்மாறு என்ன?” என்று வாயால் ஒரு கணக்கைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னால், நோட்டுகளில் இரண்டு வெவ்வேறு சார்புகள் விழும். சிலர் 3e^(2x − 1) என்று எழுதுவார்கள். ஒன்றைக் கழிக்கும் வேலை அவர்களுக்கு அடுக்குக்குள்ளேயே நடக்கிறது. மற்றவர்கள் 3e^(2x) − 1 என்று எழுதுவார்கள். அவர்களுக்கு அது எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் நடக்கிறது. காதில் விழுந்த வாக்கியம் ஒன்றுதான் என்றாலும் நேர்மாறு காணும்போது விடைகள் வேறு வேறாகிவிடும். எங்கே, ஏன் பிரிகின்றன என்று பார்த்துவிட்டால் நேர்மாறு காணும் முறையே கைக்கு வந்துவிடும். முதலில் அடுக்குக்குள் கழிக்கும் சார்பை எடுத்துக்கொள்வோம்.

f(x) = 3e^(2x − 1)

இதில் e என்பது 2.71828 என்று தொடங்கி முடிவில்லாமல் போகும் ஒரு மாறிலி. x-க்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் இந்தச் சார்பு அதை வைத்து நான்கு வேலைகள் செய்கிறது. முதலில் இரண்டால் பெருக்குகிறது. அடுத்து ஒன்றைக் கழிக்கிறது. கிடைத்ததை e-யின் அடுக்காக ஏற்றுகிறது. கடைசியாக மூன்றால் பெருக்குகிறது. x = 1 என்று கொடுத்துப் பாருங்கள்: 2, பிறகு 1, பிறகு e, முடிவில் 3e. அதாவது சுமார் 8.15. x = 1/2 கொடுத்தால் 1, பிறகு 0, e-யின் சுழி அடுக்கு 1, முடிவில் 3. இந்த இரண்டாவது ஜோடியை, அதாவது உள்ளே 1/2 போனால் வெளியே 3 வரும் என்பதை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பலமுறை உதவும்.

நேர்மாறு கேட்பது மறுபக்கத்துக் கேள்வி. வெளியே 10 வந்திருக்கிறது, உள்ளே எது போயிருக்கும்? இந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேர்மாறு என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லா மெய்யெண்களுக்கும் x² என்ற சார்பை எடுத்துக்கொண்டால் 9 வெளியே வரும்போது உள்ளே போனது 3-ஆ, −3-ஆ என்று சொல்ல முடியாது. நம் சார்பில் அந்தத் தொல்லை இல்லை. x கூடினால் 2x − 1 கூடும், அது கூடினால் e-யின் அடுக்கும் கூடும், மூன்றால் பெருக்கிய பிறகும் கூடியதாகவே இருக்கும். ஏறிக்கொண்டே போகும் சார்பு ஒரே மதிப்பை இருமுறை தொடுவதில்லை. பாடநூல்கள் இதைத்தான் ஒன்றுக்கு ஒன்றான சார்பு என்கின்றன.

இனி அவிழ்க்கும் வேலை. டிபன் கேரியரில் கடைசியாக வைத்த அடுக்கைத்தானே முதலில் எடுக்க முடியும்? இங்கேயும் கடைசியாகச் செய்த வேலையைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். வெளியே வந்த மதிப்பை y என்று வைத்துக்கொள்வோம்.

y = 3e^(2x − 1)

கடைசி வேலை மூன்றால் பெருக்கியது. ஆகவே முதலில் மூன்றால் வகுக்கிறோம்.

y/3 = e^(2x − 1)

அதற்கு முந்தைய வேலை e-யின் அடுக்காக ஏற்றியது. அதை அவிழ்ப்பது இயற்கை மடக்கை. ln என்று எழுதுகிறோம். “e-யை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் இந்த எண் வரும்?” என்பதற்கான பதில்தான் ஓர் எண்ணின் ln. அதனால் e^(2x − 1) என்பதற்கு ln எடுத்தால் அடுக்கு மட்டும் கீழே இறங்கி நிற்கும்.

ln(y/3) = 2x − 1

மடக்கையை இப்படி அடுக்கின் நேர்மாறாகப் பார்ப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. ஆனால் மடக்கை பிறந்தபோது இந்தப் பார்வை இல்லை. ஜான் நேப்பியர் 1614-இல் வெளியிட்ட அட்டவணை, பெரிய பெருக்கல்களைக் கூட்டல்களாக மாற்றித் தந்து வானியல் கணக்கர்களின் உழைப்பைக் குறைப்பதற்காக எழுந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து 1748-இல் லியோன்ஹார்டு ஆய்லர் தம் நூலில் மடக்கையை அடுக்கின் நேர்மாறாக வைத்து விளக்கினார். நாம் இப்போது ஒரே வரியில் ln எடுத்துக் கடந்து போவது அந்தப் பார்வையை வைத்துத்தான்.

மிச்சம் எளிது. கழித்த ஒன்றைக் கூட்டுகிறோம், பிறகு இரண்டால் வகுக்கிறோம்.

x = (1 + ln(y/3)) / 2

நேர்மாறையும் x-இன் சார்பாக எழுதுவது வழக்கம் என்பதால் கடைசியில் எழுத்துகளை இடம் மாற்றிக்கொள்ளலாம்.

f⁻¹(x) = (1 + ln(x/3)) / 2

பல வழிகாட்டி நூல்கள் இந்த இடமாற்றத்தை முதல் படியாகவே செய்யச் சொல்கின்றன. விடை மாறாது. ஆனாலும் கடைசியில் மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் கணக்கு முடியும்வரை y என்பது வெளியே வந்த எண், x என்பது உள்ளே போன எண் என்ற பொருள் குலையாமல் இருக்கிறது. x காலத்தையும் y ஒரு பொருளின் அளவையும் குறிக்கும் நடைமுறைக் கணக்குகளில் இடமாற்றமே வேண்டாம். காலத்துக்கு அளவின் பெயரைச் சூட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரிபார்ப்போம். நேர்மாறில் 3-ஐப் போட்டால் ln 1 சுழி, ஆகவே விடை 1/2. நம் ஜோடி திரும்பி வந்துவிட்டது. இனி 10. மூன்றால் வகுத்தால் 3.3333, அதன் ln 1.2040, ஒன்றைக் கூட்டினால் 2.2040, பாதி 1.1020. இதை மூலச் சார்பில் போட்டால் அடுக்கு 1.2040 ஆகிறது, e-யின் அந்த அடுக்கு 3.3333, மூன்றால் பெருக்கினால் 10.

எந்த எண்ணையும் இதில் போடலாமா என்றால், முடியாது. e-யின் அடுக்கு எந்த நிலையிலும் சுழியையோ குறை எண்ணையோ தராது. எவ்வளவு சிறிதானாலும் மிகை எண்ணாகவே இருக்கும். ஆகவே f-இன் வீச்சகம் மிகை எண்கள் மட்டுமே. அதுதான் நேர்மாறின் சார்பகம். x > 0 என்ற நிபந்தனையை எழுதாத விடை முழுமையான விடை ஆகாது. கால்குலேட்டரில் f⁻¹(−2) கேட்டால் பிழை என்று காட்டுவதும் இதனால்தான். −2 ஒருபோதும் வெளியே வந்ததில்லை, அதனால் அதற்கு உள்ளே போன எண்ணும் கிடையாது.

வழுக்கும் இடங்கள் பெரும்பாலும் மடக்கைப் படியைச் சுற்றியே இருக்கின்றன. மூன்றால் வகுக்காமல் நேரே ln எடுப்பவர்கள் ln y = 3(2x − 1) என்று எழுதிவிடுவதுண்டு. மூன்று அடுக்கில் இல்லை, வெளியே நின்று பெருக்குகிறது. பெருக்கலை மடக்கை கூட்டலாக்கும் என்பதால் சரியான வரி ln y = ln 3 + 2x − 1. இந்தத் தவறான வழியில் போனால் 10-க்கு விடை 0.8838 வரும். அதை மூலச் சார்பில் போட்டால் 10-க்குப் பதிலாக 6.46 கிடைக்கும், தவறு உடனே தெரிந்துவிடும். இன்னொரு தவறு விரலில் நடப்பது. கால்குலேட்டரில் ln பொத்தானுக்குப் பதில் log பொத்தானை அழுத்தினால் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை வந்து விடை 0.7614 ஆகிறது; திருப்பிப் போட்டால் 5.06. பைத்தான் போன்ற கணினி மொழிகளிலோ பெயர் நேர் எதிராக இருக்கிறது. அங்கே `math.log(10/3)` என்பதுதான் இயற்கை மடக்கை.

குறியீட்டிலும் ஒரு பள்ளம் உண்டு. f⁻¹ என்று எழுதும் வழக்கத்தை 1813-இல் ஜான் ஹெர்ஷல் பரப்பினார். மேலே நிற்கும் −1 அடுக்குபோலவே தோன்றுவதால் அதை 1/f என்று படித்துவிடுகிறார்கள். நம் சார்பில் f⁻¹(3) என்பது 1/2. 1/f(3) என்பதோ 445-இல் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

இனி இரண்டாவது சார்பு, g(x) = 3e^(2x) − 1. இங்கே கடைசி வேலை ஒன்றைக் கழித்தது. அதனால் அவிழ்க்கும்போது முதல் வேலை ஒன்றைக் கூட்டுவது. பிறகு மூன்றால் வகுத்து, ln எடுத்து, இரண்டால் வகுக்க வேண்டும்.

g⁻¹(x) = ln((x + 1)/3) / 2

முன்பு மடக்கைக்கு வெளியே இருந்த 1 இப்போது மடக்கைக்குள் போய்விட்டது. மூலத்தில் அடுக்குக்குள் இருந்தால் நேர்மாறில் மடக்கைக்கு வெளியே, மூலத்தில் வெளியே இருந்தால் நேர்மாறில் உள்ளே. சார்பகமும் நகர்கிறது: g-இன் மதிப்புகள் எல்லாம் −1-க்கு மேலே என்பதால் இங்கே நிபந்தனை x > −1. வெளியே 10 வந்தால் உள்ளே போனது 0.6496, முதல் சார்பின் 1.1020-க்கும் இதற்கும் வெகு தூரம்.

கணினியில் தட்டும்போது மூன்றாவதாக ஒரு சார்பும் நுழைந்துவிடும். அடைப்புக்குறி இல்லாமல் `3*e^2*x-1` என்று தட்டினால், கணினி e-யின் இரண்டாம் அடுக்கை மட்டும் கணக்கிட்டு அதை x-ஆல் பெருக்கிவிடும். வரைபடம் நேர்கோடாக வரும். வேண்டியது `3*exp(2*x-1)` அல்லது `3*exp(2*x)-1`. எதைத் தட்டியிருக்கிறோம் என்று அறிய x = 1/2 போட்டுப் பாருங்கள். f என்றால் 3, g என்றால் 7.15, நேர்கோடு என்றால் 10.08. x = 1 போட்டுச் சோதிக்காதீர்கள். g-யும் நேர்கோடும் அந்த ஒரு புள்ளியில் 21.17 என்று ஒரே விடையைத் தரும், தட்டியதில் இருக்கும் பிழை கண்ணில் படாமலே போய்விடும்.