அளவுகோல் எட்டாத வளைகோடு

ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோகத் தகடுகளை எதிரெதிரே நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் பொட்டாசியம் குளோரைடை, அதாவது சுமார் 75 கிராம் உப்பை, 10 லிட்டர் கரைசலாக்கி நடுவே ஊற்றுகிறோம். அத்தனையும் அந்த இடுக்கில் அடங்க, தகடு ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர் இருக்க வேண்டும். அதே உப்பை 1000 லிட்டராக நீர்த்தால் தகடு 100 சதுர மீட்டர், ஒரு சின்ன வீட்டின் தரைப்பரப்பு. இப்படி ஒரு மோல் முழுவதையும் தகடுகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் கடத்தும் அளவுதான் மோலார் கடத்துத்திறன்.

குழப்பம் தீர இது போதும். தண்ணீர் சேர்க்கச் சேர்க்க, ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள அயனிகள் குறைகின்றன. கரைசலின் கடத்துத்திறன் இறங்குகிறது. ஆனால் மோலார் கணக்கில் அயனி எதுவும் விட்டுப்போவதில்லை. அந்த மதிப்பு ஏறுகிறது. 25 டிகிரி செல்சியசில், லிட்டருக்கு 0.1 மோல் செறிவில் பொட்டாசியம் குளோரைடுக்கு அது 129, 0.01-இல் 141.3, 0.001-இல் 146.9. (அலகு சீமன்ஸ் செ.மீ²/மோல், இனி எண்களை மட்டும் சொல்கிறேன்.) அசிட்டிக் அமிலத்துக்கு அதே மூன்று செறிவுகளில் 5.2, 16.2, 48.6.

இதை வரைபடமாக்கிய ஜெர்மானியர் பிரெட்ரிக் கோல்ராஷ், கிடை அச்சில் செறிவை வைக்காமல் செறிவின் வர்க்கமூலத்தை வைத்தார். நீர்த்த கரைசல்களில் பொட்டாசியம் குளோரைடின் புள்ளிகள் நேர்கோட்டில் வந்து நின்றன. கடைசி இரண்டு புள்ளிகள் வழியே கோடு இழுத்துச் செறிவு பூஜ்யமாகும் அச்சு வரை நீட்டினால் சுமார் 149.6-இல் தொடுகிறது. ஏற்கப்பட்ட மதிப்பு 149.9. அதே கோட்டை மறுபக்கம் 0.1 வரை நீட்டினால் 123 என்கிறது; அளந்ததோ 129. செறிவான கரைசலுக்கு அந்த நேர்கோடு பொருந்தாது.

இனி அதே அளவுகோலை அசிட்டிக் அமிலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கடைசி இரண்டு புள்ளிகளை நீட்டினால் 64 வருகிறது. உண்மை மதிப்பு 390.7! ஆறில் ஒரு பங்குகூட எட்டவில்லை. காரணம், அந்தக் கோடு தரையோடு படர்ந்து வந்து அச்சின் அருகில்தான் செங்குத்தாகக் கிளம்புகிறது. தேர்வுத்தாளில் பலர் அதை அச்சைத் தொடும்படி முடித்துவிடுகிறார்கள். தொடாமல் விடுவதே சரி.

சரி, இன்னும் நீர்த்து அளந்துவிடலாமே? 0.00001 மோலுக்குப் போனாலும் அமிலத்தில் 72 சதவீதம்தான் பிரிந்திருக்கும். அப்போது கரைசலின் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 2.8 மைக்ரோசீமன்ஸ். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்ட சாதாரண வடிநீரே ஒரு மைக்ரோசீமன்ஸ் அளவுக்குக் கடத்தும். அளப்பது அமிலத்தையா தண்ணீரையா என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

கோல்ராஷ் கண்ட வழி சுற்றுவழிதான், ஆனால் அழகானது. மிக நீர்த்த நிலையில் ஒவ்வோர் அயனியும் கூட இருப்பது யாரென்று பாராமல் தன் பங்கைத் தருகிறது. ஆகவே நேர்கோடு தரும் மூன்று சேர்மங்களை எடுத்துக்கொண்டால் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் 426.2, அதோடு சோடியம் அசிட்டேட் 91.0 கூட்டி, சோடியம் குளோரைடு 126.5 கழித்தால் மிஞ்சுவது ஹைட்ரஜன் அயனியும் அசிட்டேட் அயனியும்: 390.7.

அந்த எண் கையில் வந்ததும் வளைகோடு பேசத் தொடங்குகிறது. 5.2-ஐ 390.7-ஆல் வகுத்தால் 0.0133. 0.1 மோலில் நூற்றுக்கு ஒன்றரைகூடப் பிரியவில்லை. 0.01-இல் 4.15 சதவீதம், 0.001-இல் 12.4 சதவீதம். இந்தப் பின்னத்தை வர்க்கப்படுத்திச் செறிவால் பெருக்கி, பிரியாமல் மிஞ்சிய பின்னத்தால் வகுக்கச் சொன்னார் ஆஸ்ட்வால்டு. மூன்று செறிவுகளிலும் விடை ஏறத்தாழ 0.000018. ஆக, அமிலத்தின் கோடு ஏறுவது புதிய அயனிகள் பிறப்பதால்.

பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தானா? அர்ரீனியஸ் அப்படித்தான் எண்ணினார்: 0.1 மோலில் 86 சதவீதம் பிரிந்திருக்கிறது என்று. ஆனால் அதே கணக்கை அதற்குப் போட்டால் மூன்று செறிவுகளில் 0.53, 0.16, 0.05 என்று மாறிலி வழுக்கிக்கொண்டே போகிறது. உப்பு நீரில் விழுந்ததுமே முழுக்கப் பிரிந்துவிடுகிறது. 1923-இல் டிபையும் ஹக்கலும் காட்டியபடி, ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர் மின்சுமை கொண்ட அயனிகள் சற்று மிகுந்து திரள்கின்றன. அயனி முன்னே நகர, அந்தத் திரள் பின்னுக்கு இழுக்கிறது. எதிர்ப்பக்கம் போகும் அயனிகள் தம்மோடு நீரையும் இழுத்துச் சென்று தடுக்கின்றன. நீர்க்க நீர்க்க இந்தத் தடை தளர்கிறது. 129-க்கும் 149.9-க்கும் உள்ள இடைவெளியில் எண்ணிக்கை மாறவில்லை, நடையின் வேகம்தான் மாறியிருக்கிறது.