தானாகப் போகும் பதிலும் தானே போடும் பதிலும்

இரவு பத்தே முக்காலுக்கு ஒரு பெண் வாட்ஸ்அப்பில் ஒரு சேலைக் கடைக்கு எழுதுகிறார்: "அக்கா, மயில் பச்சை சுங்குடி இருக்கா? அம்மாவுக்கு. வெள்ளிக்குள்ள பொள்ளாச்சி வரணும்." அடுத்த நொடியே பதில் வருகிறது: "எங்களைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி! உங்களுக்கு நாங்கள் எப்படி உதவலாம்?"

அவர்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே. என்ன நிறம், யாருக்கு, எந்த ஊருக்கு, எந்தக் கிழமைக்குள் என்று எல்லாவற்றையும் எழுதிய பிறகு "என்ன வேண்டும்?" என்று கேட்டால், எழுதியதை யாரும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். தானியங்கிப் பதில்கள் மீது வாடிக்கையாளர்களுக்கு வரும் எரிச்சலில் பாதி இந்த ஒரு வரியால் வருவது. கேள்விக்குக் கேள்வியையே பதிலாக வைத்திருப்பதுதான் தவறு. இயந்திரம் பேசியது தவறில்லை.

மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். கையில் ஒரு போன், அதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. தனியாக ஆள் வைக்க வசதியில்லை. அந்தச் செயலியில் அவருக்கு இலவசமாகவே மூன்று வசதிகள் இருக்கின்றன. முதலாவது Greeting message, அதாவது வரவேற்புச் செய்தி. புதிதாக எழுதுகிறவருக்கோ, 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுகிறவருக்கோ அது தானாகப் போகும். இரண்டாவது Away message. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போவது. மூன்றாவது Quick replies. அடிக்கடி எழுதும் பதில்களைச் சேமித்து வைத்து, ஒரு சாய்கோடும் சின்னச் சொல்லும் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும்.

முதல் இரண்டும் வந்த செய்தியைப் படிப்பதில்லை. யார் எழுதினாலும், எதை எழுதினாலும் ஒரே வாசகம்தான். மூன்றாவது அப்படியல்ல. செய்தியைப் படித்து, எந்தப் பதில் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்து, அனுப்புவதற்கு முன் திருத்தவும் செய்வது ஒரு மனிதர். ஆகவே படிக்காமல் போகும் இரண்டிலும் குறைவாகப் பேச வேண்டும். மூன்றாவதில்தான் உழைப்பைப் போட வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வரவேற்புச் செய்தியில் கடையின் வரலாறு, ஐந்து பூ, மூன்று கும்பிடு, இணைப்புகள் என்று அடுக்கிவிட்டு, சேமித்த பதில்கள் பக்கமே போவதில்லை.

நம் சேலைக்காரருக்கு இரவு நேரச் செய்தி இப்படி இருந்தால் போதும்:

"கடை நேரம் முடிஞ்சிருச்சுங்க. இது தானாப் போற பதில். காலையில 10 மணிக்கு நானே பார்த்துப் பதில் போடறேன். எந்தச் சேலைன்னு போட்டோவும், உங்க ஊர் பின்கோடும் அனுப்பி வச்சீங்கன்னா இருப்புப் பார்த்துச் சொல்ல வசதியா இருக்கும்."

இதில் மூன்று காரியம் நடக்கிறது. பேசுவது இயந்திரம் என்று ஒளிக்காமல் சொல்லியாயிற்று. மனிதர் எப்போது வருவார் என்று மணி சொல்லியாயிற்று. "விரைவில் தொடர்பு கொள்வோம்" என்பதில் காத்திருப்பவர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மூன்றாவதாக, காலையில் கேட்கப்போவதை இப்போதே கேட்டு வைத்தாயிற்று. பத்து மணி என்று எழுதிவிட்டு மதியம் வந்தால் எழுதாமலே இருந்திருக்கலாம். பத்துக்கு முடியாதென்றால் பதினொன்று என்று போடுவது நல்லது.

அமைப்பிலும் கவனம் வேண்டும். எப்போது அனுப்புவது என்ற இடத்தில் Always send என்று விட்டுவிட்டால், பட்டப்பகலில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளருக்கும் "கடை மூடியிருக்கிறது" என்று போகக்கூடும். Outside of business hours என்பதைத் தேர்ந்தெடுத்து, கடை நேரத்தைச் சரியாகப் பதிந்திருக்க வேண்டும். யாருக்கு அனுப்புவது என்ற இடத்தில் சாயக்காரர், கூரியர் பையன், மாதாமாதம் வாங்கும் பெரியம்மா ஆகியோரை விலக்கி வைக்கலாம். இன்னொன்று: போனில் இணையம் இல்லையென்றால் இந்தச் செய்தி போகாது. இரவில் டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இது பயன்படாது.

இனி சேமித்த பதில்கள். எதைச் சேமிப்பது என்று யோசித்து உட்கார வேண்டாம். கடந்த இரண்டு வாரப் பேச்சுகளைத் திறந்து, வந்த கேள்விகளை இரண்டாகப் பிரித்தால் தெரிந்துவிடும். யார் கேட்டாலும் ஒரே பதில் வருபவை ஒரு பக்கம்: எத்தனை நாளில் வரும், பணம் எப்படி அனுப்புவது, சாயம் போகுமா, எப்படித் துவைப்பது. பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பவை மறுபக்கம்: அந்த நிறம் இருக்கிறதா, பார்சல் ஏன் வரவில்லை, குறைத்துத் தருவீர்களா, கிழிந்து வந்திருக்கிறதே. முதல் பக்கம் மட்டும்தான் சேமிக்கத் தக்கது. செயலி 50 பதில்கள் வரை இடம் தருகிறது. ஒரு சின்னக் கடைக்கு எட்டோ பத்தோ இருந்தால் தாராளம்.

காலையில் நம் சேலைக்காரர் பொள்ளாச்சிப் பெண்ணுக்கு எழுதுவதைப் பாருங்கள். முதல் வரி கையால்: "மயில் பச்சை ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா. அம்மாவுக்குன்னு எடுத்து வச்சிட்டேன்." அடுத்து `/anuppu` என்று தட்டுகிறார், சேமித்தது வருகிறது: "மதியம் 2 மணிக்குள்ள பணம் வந்துட்டா அன்னைக்கே கூரியர்ல போட்டிருவேன். தமிழ்நாட்டுக்குள்ள பெரும்பாலும் 2, 3 நாள் ஆகும்." கடைசி வரி மறுபடி கையால்: "இன்னைக்குச் செவ்வாய். மதியத்துக்குள்ள அனுப்பிட்டா வெள்ளிக்கு வந்திரும்னு நினைக்கிறேன். ஆனா கூரியர்காரங்க கையில இருக்கறதால உறுதியாச் சொல்ல மாட்டேன்." தட்டச்சு பாதியாகக் குறைந்தது. ஆனால் பச்சை, அம்மா, வெள்ளி மூன்றையும் ஒருவர் படித்தார் என்பது தெரிகிறது. வாடிக்கையாளர் தேடும் மனித வாசனை இதுதான். இதற்குச் சிரிப்புப் பொம்மைகள் தேவையில்லை.

நடுவில் ஒட்டும் துண்டும் கையால் எழுதியதும் ஒரே குரலில் இருக்க வேண்டும். "வாம்மா, எடுத்து வச்சிட்டேன்" என்று தொடங்கி, "தங்களது கட்டணம் உறுதி செய்யப்பட்டவுடன் பொருள் அனுப்பி வைக்கப்படும்" என்று தொடர்ந்தால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். பேசுவது போலவே சேமியுங்கள். அதே நேரம் அக்கா, தம்பி, மேடம், சார் எதையும் சேமித்த பதிலுக்குள் வைக்காதீர்கள். யார் எழுதுகிறார் என்று அதற்குத் தெரியாது. அறுபது வயது மாமாவுக்கு "சரிங்க அக்கா" என்று போய்விடும். உறவுச் சொல் கையால்தான் வர வேண்டும்.

விலையையும் சேமிக்க வேண்டாம். நூல் விலை ஏறிய பிறகும் பழைய விலை யாருக்காவது போய்க்கொண்டிருக்கும். அது கடை கொடுத்த வாக்குத்தான். கனடாவில் ஏர் கனடா நிறுவனத்தின் சாட்பாட், துக்க நிகழ்வுக்கான சலுகைக் கட்டணம் பற்றி ஒரு பயணியிடம் தவறான தகவல் சொன்னது. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது.

அப்படியானால் சாட்பாட்? ஒரு நாளில் ஒருவரால் படிக்க முடியாத அளவு செய்திகள் வரும்போது அந்தக் கேள்வி எழுகிறது. எளிய பாட்டுகள் சொல்லைப் பிடித்துப் பதில் சொல்பவை. "விலை" என்ற சொல் வந்தால் விலைப்பட்டியலை அனுப்பு என்று சொல்லி வைத்தால் அதைச் செய்யும். ஆனால் நம் மக்கள் விலையை `price` என்று கேட்பார்கள், `rate` என்பார்கள், `evlo` என்பார்கள், `vilai enna` என்பார்கள், "எவ்ளோங்க" என்பார்கள். எத்தனை எழுதி வைத்தாலும் ஒன்று தப்பும். குரல் செய்தி அனுப்பினால் அதற்கு ஒன்றுமே விளங்காது. அதைவிட மோசம், சொல் சரியாகச் சிக்கி அர்த்தம் தவறிப்போவது. "விலை கூட பரவாயில்லை, ஒரே துவையில் சாயம் போயிடுச்சு" என்று ஒருவர் வருத்தத்தோடு எழுத, பாட் மகிழ்ச்சியோடு விலைப்பட்டியலை நீட்டும்.

அதனால் சின்ன வியாபாரத்துக்குச் சொல்லைப் பிடிக்கும் பாட்டைவிடப் பொத்தான் காட்டும் பாட் மேல். வாட்ஸ்அப்பில் இதற்குச் சாதாரணச் செயலி போதாது. ஏபிஐ வழியாக ஒரு சேவையில் சேர வேண்டும். ஒரு செய்தியில் மூன்று பதில் பொத்தான்கள் வரை வைக்கலாம். நம் கடைக்கு "புதுச் சேலை பார்க்க", "என் பார்சல் எங்கே", "ஆளிடம் பேச" என்ற மூன்றே போதும். மூன்றாவது பொத்தானை எடுக்கவே கூடாது. தானியங்கிப் பதில் வைக்கும் வணிகங்கள் மனிதரை அடைய நேரான வழி தர வேண்டும் என்பது வாட்ஸ்அப்பின் விதியும்கூட. யாராவது பொத்தானை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினால், பாட் ஒரு முறை மட்டும் பொத்தான்களைக் காட்டலாம். இரண்டாம் முறையும் புரியவில்லையென்றால் ஆளிடம் தள்ளிவிட்டு வாயை மூட வேண்டும். ஆள் உள்ளே வந்த பிறகும் நடுவில் மூக்கை நுழைக்கும் பாட்டுகள் உண்டு. சேவையில் சேரும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டுக்குப் "பிரியா" என்று பெயர் வைத்து, எழுதிக்கொண்டிருப்பது போலப் பாவனை காட்டுவதைச் சில சேவைகள் சிறப்பம்சமாக விற்கின்றன. எனக்கு அது ஏமாற்றாகவே படுகிறது.

ஏபிஐ வழியில் ஒரு கண்ணி உண்டு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் நீங்கள் இஷ்டப்படி எழுதலாம். அதன் பிறகு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வார்ப்புச் செய்திகள் மட்டும்தான் போகும். சனிக்கிழமை இரவு "ஆள் வந்து பேசுவார்" என்று பாட் சொல்லி, நீங்கள் திங்கள் காலை வந்து பார்த்தால் கதவு மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரமாவது பார்க்க முடியாதவர்கள் இந்த வழிக்குப் போகாமல் இருப்பதே மேல்.

வைத்தது வேலை செய்கிறதா என்பதைப் பேச்சுகளே காட்டிக்கொடுக்கும். தானாகப் போன பதிலுக்குக் கீழே வாடிக்கையாளர் அதே கேள்வியை மறுபடி எழுதியிருக்கிறாரா, வெறும் "??" போட்டிருக்கிறாரா, "யாராவது இருக்கீங்களா" என்று கேட்டிருக்கிறாரா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். அப்படி வந்த இடத்தில் வாசகத்தை மாற்றுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். தீபாவளி விடுமுறைச் செய்தி கார்த்திகை வரை போய்க்கொண்டிருப்பதும் இப்போதுதான் கண்ணில் படும்.

இன்றிரவே ஒரு சோதனை செய்யுங்கள். கடந்த 14 நாளில் உங்கள் கடைக்கு எழுதாத ஒரு எண்ணிலிருந்து, கடை நேரம் முடிந்த பிறகு, நிஜ வாடிக்கையாளர் எழுதுவது போல நிறம், ஊர், தேதியோடு ஒரு கேள்வி அனுப்புங்கள். திரும்பி வருவதைப் படித்துவிட்டு, நீங்களாக இருந்தால் அந்தக் கடையில் வாங்குவீர்களா என்று முடிவு செய்யுங்கள்.