கோப்பு சரி, கணக்கு எது?

ஒரு பள்ளியில் தேர்வு ஒருங்கிணைப்பாளர் மதிப்பெண் பட்டியலைக் கூகுள் ஷீட்டில் தயாரித்து, எல்லா ஆசிரியர்களின் பள்ளி மின்னஞ்சலுக்கும் பகிர்ந்துவிட்டு, அதன் லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணித ஆசிரியை தன் மடிக்கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து லிங்கைச் சொடுக்குகிறார். பட்டியல் வரவில்லை. "You need access" என்ற பக்கம் வருகிறது. உடனே குழுவில் எழுதுகிறார்: "மேடம், எனக்கு ஷேர் பண்ணலியே?" அந்தப் பக்கம் "பண்ணியிருக்கேனே மேடம், பாருங்க" என்ற பதில். இருவர் சொல்வதும் உண்மைதான்.

அந்த உலாவியில் ஆசிரியையின் சொந்தக் கணக்கு, பள்ளிக் கணக்கு இரண்டும் உள்நுழைந்த நிலையில் இருக்கின்றன. கூகுள் அவற்றை உள்நுழைந்த வரிசைப்படி எண்ணிட்டு வைக்கிறது. முதலாவதுக்கு 0, அடுத்ததுக்கு 1. இந்தக் கணக்குடன் திற என்று லிங்க் எதுவும் சொல்லாவிட்டால், பெரும்பாலும் 0 எண் கணக்கே, அதாவது முதலில் உள்நுழைந்ததே, கதவைத் தட்டும். ஆசிரியை முதலில் திறந்தது சொந்த ஜிமெயில். பட்டியலில் அனுமதி இருப்பதோ பள்ளி முகவரிக்கு.

அந்தப் பக்கத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு: இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்பதை அதுவே காட்டும். முதலில் அதைப் படியுங்கள். அது பள்ளி முகவரி இல்லையென்றால் அங்கேயே கணக்கை மாற்றிக்கொள்ள வழி இருக்கும். கண்ணைப் பறிப்பது என்னவோ "Request access" பொத்தான்தான். அவசரத்தில் அதை அழுத்தினால் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு கோரிக்கை மின்னஞ்சல் போகும். அவரும் தெரிந்த பெயர்தானே என்று அனுமதித்துவிட்டால், மாணவர்களின் மதிப்பெண்கள் ஆசிரியையின் சொந்தக் கணக்கிலும் திறக்கத் தொடங்கிவிடும். அவர் வேறு பள்ளிக்குப் போய், பள்ளிக் கணக்கு மூடப்பட்ட பிறகும் அந்த அனுமதி அப்படியே இருக்கும், யாராவது நினைவு வைத்து நீக்கும்வரை. தவறான கணக்கால் வரும் தொல்லைகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கோரிக்கை வந்தால், பெயரைப் பார்த்து அனுமதிக்காமல் முகவரியை முழுதாகப் படிப்பது கோப்புக்குச் சொந்தக்காரரின் பொறுப்பு.

கணக்கு மாற்றும் பொத்தான் கைகொடுக்காவிட்டால், முகவரிப் பட்டையிலேயே திருத்தலாம். வந்த லிங்க் இப்படி இருக்கும்:

```
https://docs.google.com/spreadsheets/d/கோப்பின்-அடையாளம்/edit
```

அதில் `/d/` என்பதற்கு முன்னால் `/u/1` சேர்த்து என்டர் தட்டினால், இரண்டாவது கணக்குடன் திறக்கும்:

```
https://docs.google.com/spreadsheets/u/1/d/கோப்பின்-அடையாளம்/edit
```

மூன்றாவது கணக்குக்கு `/u/2`. ஆனால் இந்த எண் அந்த உலாவியில் மட்டுமே செல்லும். எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறி வேறு வரிசையில் உள்நுழைந்தால் எண்ணும் மாறிவிடும். அதனால் முகவரிப் பட்டையிலிருந்து `/u/1` உள்ள லிங்கை நகலெடுத்து மற்றவருக்கு அனுப்பக் கூடாது. அவருடைய 1 வேறு கணக்காக இருக்கலாம். கோப்பில் பகிர்வுப் பொத்தானை அழுத்தி "Copy link" கொடுத்தால் கிடைப்பது எண் இல்லாத சுத்தமான லிங்க்.

லிங்க் உள்ள எவரும் திருத்தலாம் என்று பகிரப்பட்ட கோப்பில் பிழைச் செய்தியே வராது, அதனால் தவறு தெரியாமலே நடக்கும். ஆசிரியை போட்ட மதிப்பெண், கோப்பின் திருத்த வரலாற்றில் சொந்தக் கணக்கின் பெயரில் பதிவாகியிருக்கும். மறுநாள் பள்ளிக் கணக்கின் "Shared with me" பகுதியில் தேடினால் கோப்பு கிடைக்காமலும் போகலாம். எதையும் தட்டச்சு செய்யும் முன் வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தை ஒருமுறை பாருங்கள். அதன்மேல் சுட்டியை வைத்தாலே முகவரி தெரியும்.

தினமும் இரண்டு கணக்கோடு வேலை செய்பவருக்கு நான் சொல்வது குரோமில் தனித்தனி புரொஃபைல். கணக்குப் படத்துக்கு அல்ல, உலாவிச் சாளரத்தின் மேலேயே உள்ள இன்னொரு வட்டப் படத்துக்குப் போய்ப் புதிய புரொஃபைலைச் சேர்த்து, அதில் பள்ளிக் கணக்கை மட்டும் திறக்க வேண்டும். ஒவ்வொரு புரொஃபைலும் தன் உள்நுழைவுகளைத் தனியாக வைத்துக்கொள்வதால், அங்கே பள்ளிக் கணக்கே 0. இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்துவிட்டால் சாளரத்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரியும்.

இதிலும் ஓர் இடறல் உண்டு. வாட்ஸ்அப் செயலி போல உலாவிக்கு வெளியிலிருந்து சொடுக்கும் லிங்க், பொதுவாகக் கடைசியாகப் பயன்படுத்திய புரொஃபைலில் போய்த் திறக்கும். முதலில் பள்ளிச் சாளரத்தை ஒருமுறை தொட்டுவிட்டுச் சொடுக்கலாம், அல்லது லிங்கை நகலெடுத்து அந்தச் சாளரத்தில் ஒட்டலாம். லிங்க் குரோமுக்குள்ளேயே இருந்தால் அதன்மேல் வலது சொடுக்கில் "Open link as" என்று வரும். அதில் பள்ளிப் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் நேராக அங்கே திறக்கும்.