கலவைக் கணக்கில் தொகையீட்டுக் காரணி

பன்னிரண்டாம் வகுப்பில் கலவைக் கணக்கு நடத்தும்போது, கரைசல் உள்ளே வரும் வேகமும் வெளியேறும் வேகமும் சமமாக உள்ள கணக்கையே பல ஆண்டுகள் எடுத்துவந்தேன். அதை மாறிகளைப் பிரித்தே முடித்துவிடலாம் என்பதால், "தொகையீட்டுக் காரணி எதற்கு சார்?" என்று மாணவர்கள் கேட்டது நியாயமே. இப்போது வேகங்களை மாற்றித் தருகிறேன்.

200 லிட்டர் தொட்டியில் 100 லிட்டர் நன்னீர் உள்ளது. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள கரைசல் நிமிடத்துக்கு 3 லிட்டர் வருகிறது. நன்கு கலந்த கலவை நிமிடத்துக்கு 2 லிட்டர் வெளியேறுகிறது. t நிமிடத்தில் தொட்டியில் உள்ள உப்பு x கிராம் என்க. அப்போது நீரின் அளவு 100 + t லிட்டர். ஆகவே,

dx/dt + 2x/(100 + t) = 6

இங்கே மாறிகளைப் பிரிக்க முடியாது. தொகையீட்டுக் காரணி e^(∫2/(100 + t) dt) = (100 + t)². இதனால் பெருக்கினால் இடப்பக்கம் முழுவதும் x(100 + t)² என்ற ஒரே பெருக்கலின் வகைக்கெழுவாகிவிடும். காரணியின் வேலை அவ்வளவே. வலப்பக்கத்து 6-ஐப் பெருக்கப் பலர் மறப்பார்கள். அங்கே சற்று நிறுத்துவது நல்லது. தொகையிட்டு, x(0) = 0 எனப் பிரதியிட,

x = 2(100 + t) − 2000000/(100 + t)²

தொட்டி நிரம்பும் 100-வது நிமிடத்தில் உப்பு 400 − 50 = 350 கிராம். லிட்டருக்கு 1.75 கிராம், உள்ளே வரும் 2 கிராமைத் தாண்டவில்லை.

என் வகுப்பில் பாதிப்பேர் 100 + t என்பதற்குப் பதில் 100 என்றே எழுதினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது x = 300(1 − e^(−t/50)). தவறைச் சொல்லாமல், தொட்டி மிகப் பெரியதாக இருந்து நீர் ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். உப்பு 300 கிராமைத் தாண்டாது, நீரோ ஏறுகிறது. "உப்புக் கரைசலை ஊற்ற ஊற்றத் தண்ணீர் நன்னீராகுதே சார்!" என்று ஒரு மாணவி சிரித்துவிட்டாள்.