பால் குடித்ததும் உப்புசமா? நேரத்தையும் அளவையும் கவனியுங்கள்

எடையைக் குறைக்க வேண்டும் என்று நாற்பதை எட்டும் ஒருவர் இரவுச் சாப்பாட்டை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்குச் சோற்றுக்குப் பதில் மூன்று சப்பாத்தி. ஒன்பதரைக்குப் படுக்கும் முன் ஒரு பெரிய டம்ளர் பால். இரண்டு வாரம் போனதும் தொல்லை தொடங்குகிறது. பத்தரை மணிக்கெல்லாம் வயிறு உப்பிக் கடமுடா என்று சத்தம் போடுகிறது. காற்று பிரிகிறது, சில நாள் தண்ணீராகப் போகிறது. "கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை, குளூட்டன் பிரச்சினையாக இருக்கும்" என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். சப்பாத்தி, பிஸ்கட், பாலில் கலக்கும் மால்ட் மாவு, அந்தப் பால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துகிறார். வயிறு சரியாகிவிடுகிறது. அன்றிலிருந்து தனக்கு குளூட்டன் ஆகாது என்று நம்பி, அதை எல்லோரிடமும் சொல்லவும் தொடங்குகிறார்.

இந்தக் குழப்பம் மிகவும் பரவலானது. ஒரே நேரத்தில் நான்கு பொருளை நிறுத்தினால், குற்றவாளி எது என்று எப்படித் தெரியும்? இவர் விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி மிக எளியது: காலையிலும் மாலையிலும் குடிக்கும் டீ ஒத்துக்கொள்கிறதே, மதியம் தயிர்சாதம் ஒத்துக்கொள்கிறதே, இரவுப் பால் மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

டம்ளர் கணக்கு

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். 100 மில்லி பாலில் ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். அதைக் குடல் அப்படியே உறிஞ்சாது. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள லாக்டேஸ் என்ற நொதி அதை இரண்டாக உடைத்த பிறகுதான் இரத்தத்தில் சேரும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் இந்த நொதி நிறைய சுரக்கிறது. தாய்ப்பால் மறந்த பிறகு, உலகில் பெரும்பான்மையான மனிதர்களுக்கு இது படிப்படியாகக் குறைகிறது. இது நோயல்ல, இயல்பான உடலமைப்பு. வளர்ந்த பிறகும் நொதி குறையாமல் இருப்பவர்கள்தான் உலக அளவில் சிறுபான்மை. தென்னிந்தியர்களிலும் ஏராளமானோர் நொதி குறைந்தவர்களே.

உடையாத லாக்டோஸ் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகிறது. போகும்போதே தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கிறது. பெருங்குடலில் காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன், கூடவே அமிலங்கள் உண்டாகின்றன. உப்புசம் இந்த வாயுவால் வருகிறது, பேதி இழுத்த தண்ணீரால் வருகிறது. மலம் நீர்த்து, நுரைத்து, புளிப்பு வாடையோடு போகும். இதெல்லாம் பெரும்பாலும் பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். மறுநாள் காலையில் எல்லாம் அடங்கியும் போகும்.

இப்போது நம்மவரின் கணக்குக்கு வருவோம். ஒரு டீயில் 50 மில்லி பால் என்றால் லாக்டோஸ் இரண்டரை கிராம்தான். இரவில் அவர் குடித்தது 250 மில்லி. அதில் மட்டும் பன்னிரண்டரை கிராம் வரும். மால்ட் மாவில் பால்பவுடரும் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். நொதி குறைந்தவர்களிலும் பலர் ஒரு வேளைக்குச் சுமார் 12 கிராம் வரை பெரிய தொல்லை இல்லாமல் தாங்கிவிடுவார்கள். இவர் அந்த எல்லையில், அதுவும் ஒரே மடக்கில் குடிக்கிறார். பகல் முழுவதும் தெரியாமலிருந்த குறை இரவில் வெளிப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

வீட்டிலேயே பிரித்துப் பார்க்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். முதல் இரண்டு வாரம் சப்பாத்தியை வழக்கம்போல் சாப்பிட்டு, இரவுப் பாலையும் மால்ட் மாவையும் மட்டும் நிறுத்தட்டும். உப்புசம் போய்விட்டால் சப்பாத்தி மேல் பழியில்லை. பிறகு மால்ட் மாவு கலக்காமல் வெறும் பாலை 100 மில்லி அளவில், சாப்பாட்டோடு சேர்த்துத் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். எந்த அளவில் வயிறு முறையிடுகிறதோ, அதற்குக் கீழே அவருடைய எல்லை.

இதைவிடத் துல்லியமான ஒரு வழியும் உண்டு. லாக்டோஸ் நீக்கிய பால் இப்போது பெரிய கடைகளில் கிடைக்கிறது. அதை ஒருநாள் 250 மில்லி, சாதாரணப் பாலை இன்னொரு நாள் 250 மில்லி, ஒரே நேரத்தில் குடித்துப் பார்க்க வேண்டும். எது எந்தப் பால் என்று குடிப்பவருக்குச் சொல்லாமல் வீட்டில் ஒருவர் கொடுத்தால் இன்னும் நல்லது. முன்னது ஒத்துக்கொண்டு பின்னது படுத்தினால், காரணம் லாக்டோஸ்தான். இரண்டுமே படுத்தினால் வேறு காரணம் தேட வேண்டும். பாலில் உள்ள புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆகாது. அவர்களுக்குத் தோலில் தடிப்பு, முகவீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வரலாம். கைக்குழந்தைக்கு மலத்தில் இரத்தம் வரலாம். அப்படியானவர்கள் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

மருத்துவமனையில் செய்யும் பரிசோதனை மூச்சுப் பரிசோதனை. வெறும் வயிற்றில் 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, அரை மணிக்கு ஒருமுறை சுமார் மூன்று மணி நேரம் மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளப்பார்கள். தொடக்க அளவைவிட 20 பிபிஎம் அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று பொருள். அண்மையில் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டிருந்தால் குடல் பாக்டீரியா குறைந்து முடிவு தவறலாம். ஆகவே நான்கு வாரம் இடைவெளி விடச் சொல்வார்கள்.

குளூட்டன் என்றால் கதையே வேறு

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் உள்ளே போகும்போது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போல நீண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சத்து சேராமல் போகிறது. லாக்டோஸ் தொல்லை குடலைச் சேதப்படுத்தாது, இது சேதப்படுத்தும். மிக முக்கியமான வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அதனால் அடையாளங்களும் வேறு. சீலியாக் நோயில் சாப்பிட்ட நேரத்துக்கும் தொல்லைக்கும் நேரடித் தொடர்பு தெரியாது. எடை குறையும். இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு சாப்பிட்டும் ஏறாத இரத்தசோகை இருக்கும். மலம் பருத்து, வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராமல் நிற்கும். சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இல்லாமல் இரத்தசோகை மட்டும் இருக்கும். பால் மட்டும் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு எடை இறங்கவோ இரத்தம் குறையவோ காரணமில்லை. இறங்கினால், "பால்தான்" என்று ஆறுதல் அடையக் கூடாது.

இந்தியாவில் சீலியாக் நோய் கோதுமை முக்கிய உணவாக உள்ள வடக்கில் அதிகம், தெற்கில் அரிது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் நோய் உறுதியானவர்கள் ரவை, சேமியா, மைதா மட்டுமல்ல, கூட்டுப் பெருங்காயத்தையும் கவனிக்க வேண்டும். கடையில் விற்கும் பல பெருங்காயப் பொடிகளிலும் கட்டிகளிலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கிறது. பாலில் கலக்கும் மால்ட் பானங்களிலும் பார்லி உண்டு.

கண்டுபிடிக்க முதலில் இரத்தத்தில் டிடிஜி ஐஜிஏ என்ற பரிசோதனை செய்வார்கள். பிறகு எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் இரத்தத்திலும் குடலிலும் தடயம் மறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும்.

சப்பாத்தி சாப்பிட்டால் மட்டும் உப்புசம், பரிசோதனையில் சீலியாக் இல்லை என்றால்? கோதுமையில் ஃப்ரக்டான் என்ற செரிக்காத மாவுச்சத்தும் இருக்கிறது. வெங்காயம், பூண்டிலும் அதே பொருள் உண்டு. அதுவும் பெருங்குடலில் புளித்து வாயுவாகும். பலர் குளூட்டன் என்று நினைப்பது இதுவாக இருக்கலாம். இவர்கள் அளவைக் குறைத்தால் போதும்.

தொற்று விட்டுச் செல்லும் தொல்லை

கிருமித் தொற்று திடீரென்று வரும். பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பேதி போகும், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும். காய்ச்சல், வாந்தி, சளியோ இரத்தமோ கலந்த மலம், வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்றால் தொற்றை நினைக்க வேண்டும். பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

குழப்புவது ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி. அசுத்தமான தண்ணீர் வழியாக வந்து வாரக்கணக்கில் தங்கும். உப்புசம், அழுகிய முட்டை வாடையுள்ள ஏப்பம், எண்ணெய்ப் பசையுள்ள மலம் என்று சீலியாக் நோயைப் போலவே நடிக்கும். மலப் பரிசோதனையில் ஒருமுறை அகப்படாமல் போகலாம். வெவ்வேறு நாளில் எடுத்த மூன்று மாதிரிகளைப் பார்ப்பது நல்லது. மருந்தால் குணமாகக் கூடியது.

லாக்டோஸ், சீலியாக், தொற்று ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான் சிக்கல். லாக்டேஸ் நொதி இருப்பது அந்த உறிஞ்சிகளின் நுனியில். தொற்றோ சீலியாக் நோயோ குடலைத் தாக்கினால் முதலில் பறிபோவது அந்த நுனிதான். அதனால்தான் பேதி நின்ற பிறகும் சில வாரம் பால் ஒத்துக்கொள்ளாமல் போகிறது. குடல் தேறியதும் இது தானாகச் சரியாகும். நேற்றுவரை நிம்மதியாகப் பால் குடித்தவருக்கு இன்று திடீரென்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பாலுக்குப் பின்னால் வேறொன்று இருக்கிறதா என்று தேட வேண்டும்.

பேதி கண்ட குழந்தைக்கு இதைக் காரணம் காட்டித் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஓஆர்எஸ் கரைசலும் மருத்துவர் சொல்லும் துத்தநாக மருந்தும் கொடுத்துக்கொண்டே தாய்ப்பால் தொடர வேண்டும். பதினான்கு நாளைத் தாண்டியும் பேதி நிற்காவிட்டால் உணவை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பாலை முழுக்க விட வேண்டுமா?

பெரும்பாலோர் விட வேண்டியதில்லை. தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. குடலுக்குள் போன பிறகும் மீதியைச் செரிக்க உதவுகின்றன. கொதிக்க வைத்த மோர்க்குழம்பில் அந்த இரண்டாவது உதவி கிடைக்காது. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். பனீரில் குறைவு, ஏனென்றால் அது தண்ணீரோடு வடிந்துவிடுகிறது. பால் சுண்டிய பால்கோவாவிலும் பால்பவுடரிலும் அதிகம். பாலே வேண்டாம் என்பவர்கள் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவற்றை நாடலாம்.

எடை குறைதல், மலத்தில் இரத்தம், இரத்தசோகை, தூக்கத்தில் எழுப்பும் பேதி, விடாத காய்ச்சல், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுச் சோதனைகளை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். குளூட்டன் சந்தேகம் இருந்தால், இரத்தப் பரிசோதனை முடியும்வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள்.