நள்ளிரவில் மலையிறங்கிய ஜீப்புகள்

குமுளிக்கு மேலே, பெரியாறு வனத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பொதுமக்கள் ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் போக முடியும், சித்ரா பௌர்ணமியன்று. 2025இல் அது மே 12. அன்று எடுக்காமல் விட்ட படத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். எடுத்த படத்துக்குத் தப்பான பெயர் வைத்தாலும் ஏறக்குறைய அதே கதிதான். அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

எங்கள் சின்னக் குழுவில் இரண்டு கேமராக்கள். எல்லாப் படங்களையும் நேரம் பார்த்துப் பிரித்துப் பெயர் மாற்ற நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அதன் உயிர்நாடி இந்த நான்கு வரி:

```
if h < 8:     label = "jeep"
elif h < 10:  label = "etram"
elif h < 14:  label = "kovil"
else:         label = "irakkam"
```

`h` என்பது படம் எடுத்த மணி. ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் எக்சிஃப் என்ற குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் `DateTimeOriginal` என்ற இடத்தில் `2025:05:12 11:42:16` என்பதுபோல் நேரம் பதிவாகும். ஆனால் அது கேமராவின் கடிகாரம் சொன்ன நேரம். எந்த ஊர் நேரம் என்று அந்த வரியில் இருக்காது. அதைக் குறிக்கத் தனி இடம் 2016இல்தான் எக்சிஃப் விதிகளில் சேர்ந்தது. பழைய கேமராக்களில் அது கிடையாது.

பெயர் மாற்றிய படங்களைக் குழுவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து எங்கள் அக்கா ஒருவர் போனில் கேட்டார்: "தம்பி, இறக்கம்னு போட்டிருக்கிற படத்துல ஜீப்பெல்லாம் லைட் போட்டு நிக்குதே. ராத்திரி யாருப்பா மலையில இருந்தா?"

பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் வனத்துறை கீழே இறக்கிவிடும். அந்தப் படங்கள் விடியுமுன் குமுளியில் ஜீப்புக்கு வரிசை நின்றபோது எடுத்தவை. திறந்து பார்த்தால் தேதி மே 11, மணி 23:52. இரண்டாவது கேமராவின் கடிகாரம் லண்டன் நேரத்தில் இருந்திருக்கிறது. காலை 5:20க்கு எடுத்த படம் முந்தைய இரவுக்குப் போய், 23 என்பது 14ஐவிடப் பெரியது என்பதால் "இறக்கம்" ஆகிவிட்டது. உச்சிவெயிலில் கோயிலில் எடுத்தவை "ஜீப்" ஆகிவிட்டன. `kovil` பெயரில் அந்தக் கேமராவின் படம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பெயரிலும் எந்தக் கேமராவுக்கு எத்தனை படம் என்று எண்ணிப் பார்த்திருந்தால் அனுப்புமுன்பே தெரிந்திருக்கும். நான் பார்த்ததோ `jeep` வரிசையின் முதல் பத்துப் படங்களை மட்டும். அவை சரியாகவே இருந்தன.

அன்றிரவே குழுவுக்கு எழுதினேன்:

"கண்ணகி கோயில் படங்களின் பெயர்கள் தப்பு. கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்க்காமல் ஸ்கிரிப்டை ஓட்டியது நான். படம் எடுத்தவர் மீது பிழையில்லை. படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெயர் மட்டும்தான் மாறியது. இறக்கி வைத்திருப்பவர்கள் அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நாளை மாலைக்குள் சரியான தொகுப்பு வரும். மன்னியுங்கள்."

லண்டனுக்கும் நமக்கும் உள்ள ஐந்தரை மணியைக் கூட்டினால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். லண்டனில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவார்கள். கேமராவில் அது போடப்படவில்லை, அந்தமட்டில் நல்லது. ஆனால் கேமரா கடிகாரம் நாளடைவில் தானாகவும் நகரும். அதனால் இரண்டு கேமராவிலும் ஒரே கணம் பதிவான படத்தைத் தேடினேன். தேங்காய் உடைந்து நீர் தெறிக்கும் ஒரு படம் கிடைத்தது. காலையில் போனோடு ஒத்துப்பார்த்த முதல் கேமராவில் 11:42:16. இரண்டாவதில் 06:14:36. வித்தியாசம் 5 மணி 27 நிமிடம் 40 விநாடி. ஐந்தரை மணியைக் கூட்டியிருந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிசகி, தேங்காய் உடைவதற்கு முன் எடுத்தவை உடைந்த பிறகு வந்து நின்றிருக்கும்.

திருத்தியது எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவியால். ஃபில் ஹார்வி என்பவர் 2003 முதல் வளர்த்துவரும் கருவி. பெயர் மாறினாலும் படத்துக்குள் கேமராவின் வரிசை எண் அப்படியே இருந்ததால், அந்தக் கேமராவின் படங்களை மட்டும் பிடிக்க முடிந்தது:

```
exiftool -AllDates+=5:27:40 -if '$SerialNumber eq "2034417"' padam/
```

மாற்றுமுன் ஒவ்வொரு படத்துக்கும் `_original` என்று ஒரு நகலை அது தானே வைத்துக்கொள்ளும். பிறகு அதே ஸ்கிரிப்டை ஓட்டினேன், ஆனால் இந்தமுறை பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் ஒரு பட்டியலாக மட்டும் எழுதச் சொல்லி. அந்தப் பட்டியலை அக்காதான் வரி வரியாகப் பார்த்தார். அவர் சரி என்ற பிறகே பெயர்கள் மாறின.

இரண்டு கேமராவோடு திருவிழாவுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் இரண்டிலும் ஒரே போனின் கடிகாரத்தை, விநாடி தெரியும்படி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் தேங்காய் தேட வேண்டியதில்லை.