ஆள் தேவை – 12: ‘பாரசைட்’டை வெட்டிய பழைய மென்பொருள்

விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் என்ன தேவை இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பயோடேட்டாவைக் கையில் எடுக்க வேண்டும். சென்ற வாரம் கணக்காளர் வேலையில் இதைப் பார்த்தோம், தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். இந்த வாரம் வீடியோ எடிட்டர்.

சென்னையில் யூடியூப் நேர்காணல்களும் சிறு விளம்பரப் படங்களும் எடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு ஆள் தேவை. நடத்துபவர் என் நண்பர். விளம்பரத்தில் இப்படி இருந்தது: மூன்று ஆண்டு அனுபவம், பிரீமியர் புரோ கட்டாயம், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கட்டாயம், டாவின்சி ரிசால்வ் தெரிந்தால் நல்லது, ஷோரீல் இல்லாத விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது. பெயர்களை மறைத்து இரண்டு விண்ணப்பங்களைக் காட்டினார்.

முதலாமவர் ஈரோட்டுக்காரர். ஆறு ஆண்டுகள் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடியஸ் மென்பொருளில் வேலை செய்தவர். பிரீமியர் புரோவில் ஓராண்டுதான் அனுபவம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு நேராக ‘அடிப்படை’ என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் சென்னைக்காரர், மூன்று ஆண்டு அனுபவம். பதினொரு மென்பொருள்களின் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போட்டிருந்தார். அலுவலகத்தில் முதல் வடிகட்டலைச் செய்தவர் ஈரோட்டுக்காரரைக் கழித்துக்கட்டிவிட்டுச் சென்னைக்காரரை மேலே வைத்திருந்தார். விளம்பரத்தில் உள்ள பெயரும் பயோடேட்டாவில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்தால் அப்படித்தான் வரும்.

இந்த இடத்தில் கொரியப் படமான ‘பாரசைட்’டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வாரம் முழுக்க என் மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019இல் கான் விழாவின் தங்கப் பனை விருது, 2020 பிப்ரவரியில் சிறந்த படத்துக்கான ஆஸ்கர். எடிட்டிங்குக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இருந்தது. அதன் எடிட்டர் யாங் ஜின்மோ படத்தை வெட்டியது ஃபைனல் கட் புரோ 7இல். அந்தப் பதிப்பு வெளிவந்தது 2009இல். 2011 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்ற முற்றிலும் புதிய மென்பொருளைக் கொண்டுவந்து பழையதைக் கைவிட்டது. பழையதில் செய்த புராஜெக்ட்டைப் புதியதில் திறக்கக்கூட முடியவில்லை. உலகெங்கும் எடிட்டர்கள் கொதித்தார்கள். பலர் பிரீமியருக்கும் அவிடுக்கும் குடிபெயர்ந்தார்கள். 2017இல் வந்த மேக் இயங்குதளத்தில் ஃபைனல் கட் 7 ஓடவே ஓடாது. ஆகவே அதை வைத்து வேலை செய்பவர் கணினியையும் பழைய இயங்குதளத்திலேயே நிறுத்திவைக்க வேண்டும். தயாரித்த நிறுவனமே கைகழுவிய மென்பொருளில் வெட்டிய படம், எட்டு ஆண்டு கழித்து உலகின் உச்சத்தில் நின்றது.

யாங் ஜின்மோ அதில் செய்த ஒரு வேலையைப் பாருங்கள். ஒரே ஃபிரேமில் இரண்டு நடிகர்கள். ஒருவர் மூன்றாவது டேக்கில் நன்றாகச் செய்திருப்பார், மற்றவர் ஏழாவதில். எடிட்டர் திரையை நடுவே பிளந்து, இடப்பக்கம் ஒரு டேக்கும் வலப்பக்கம் இன்னொரு டேக்குமாகத் தைத்துவிடுவார். பார்ப்பவருக்குத் தையல் தெரியாது. எந்த நடிப்பை எடுப்பது, எங்கே ஒட்டுவது என்ற முடிவு முழுக்க அவருடையது. அதைச் செய்து முடிக்க பத்து வயதுப் பழைய மென்பொருள் போதுமானதாக இருந்தது.

நண்பரிடம் இதைச் சொன்னதும், “அப்படின்னா விளம்பரத்துல சாஃப்ட்வேர் பேரே போடக் கூடாதா?” என்று கேட்டார். போடத்தான் வேண்டும். யாங் ஜின்மோவின் புராஜெக்ட்டைத் தினமும் நான்கு பேர் மாற்றி மாற்றித் திறக்கவில்லை. நண்பரின் அலுவலகத்தில் திறக்கிறார்கள். காலையில் ஒருவர் பாதி வெட்டிய நேர்காணலை மாலையில் இன்னொருவர் முடிப்பார். புராஜெக்ட் கோப்பு கைமாறும் இடத்தில் எல்லோரும் ஒரே மென்பொருளில் இருந்தாக வேண்டும், ஒரே பதிப்பிலும் இருந்தாக வேண்டும். புதிய பிரீமியரில் சேமித்த புராஜெக்ட்டைப் பழைய பிரீமியர் திறக்காது. வேறு மென்பொருளில் வெட்டி எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பலாம்தான். ஆனால் அதில் ஒழுங்காகப் போய்ச்சேர்வது வெட்டுகளின் இடமும் வரிசையும் மட்டுமே. எழுத்துகள், எஃபெக்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைத்த இடங்கள் எல்லாம் பெரும்பாலும் வழியில் உதிர்ந்துவிடும்.

ஆகவே விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு மென்பொருள் பெயரிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி: இவர் வேலை செய்யும் கோப்பை அடுத்து யார் திறப்பார்?

பிரீமியருக்குப் பதில் தெளிவு. குழுவே திறக்கும், ஆகவே கட்டாயம். ஆனால் அந்தக் கட்டாயத்தை ஆண்டுக்கணக்கில் அளக்கத் தேவையில்லை. எடியஸில் ஆறு ஆண்டு வெட்டியவருக்கு டைம்லைனும் ட்ரிம்மும் மல்டிகேமும் புதிதல்ல. கீபோர்டு ஷார்ட்கட்டுகளும் மெனுவும் மாறும், அவ்வளவுதான். பிரீமியரில் ஓராண்டு அனுபவம் அதற்குப் போதும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அப்படியல்ல. அது வெட்டும் மென்பொருளே அல்ல, எழுத்தையும் படங்களையும் அசைப்பதற்கும் பல அடுக்குகளை ஒன்றுசேர்ப்பதற்கும் ஆனது. எடிட்டிங் தெரிந்தவர் ஒரு வாரத்தில் அதைக் கற்றுவிட முடியாது. ஆகவே நண்பரிடம், உங்கள் எடிட்டர்கள் அதில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். பேசுபவரின் பெயர் திரையின் கீழே வந்துபோகும் அசைவு, தலைப்பு அட்டை, சந்தா பட்டன் என்றார். அவற்றை யார் உருவாக்கியது? குழுவில் உள்ள மோஷன் கிராஃபிக்ஸ் பெண் ஒருமுறை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்து, டெம்ப்ளேட்டாக எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். மற்றவர்கள் பிரீமியருக்குள்ளேயே அதை இழுத்துப் போட்டு, பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்கிறார்கள். அப்படியானால் இந்த வேலைக்கு ஈரோட்டுக்காரர் எழுதிய ‘அடிப்படை’ போதும். கட்டாயம் என்ற சொல் பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறது. விளம்பரப் படங்களுக்குப் புதிதாக அசைவு உருவாக்குவதும் இவர் பொறுப்பு என்றால் என் பதில் மாறியிருக்கும்.

டாவின்சி ரிசால்வ் வண்ணத் திருத்தத்துக்கு. அந்த அலுவலகத்தில் அதை வெளியே ஒருவர் செய்கிறார். தெரிந்தால் நல்லது என்பது அங்கே உண்மையான சொல்.

இனி ஷோரீல். இரண்டையும் முதலில் ஒலியோடு பார்த்தோம். சென்னைக்காரருடையது ஒன்றரை நிமிடம். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு வெட்டு, அசத்தலாக இருந்தது. பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தோம். வெட்டுகளுக்கு இசையைத் தவிர வேறு காரணமே இல்லை என்பது தெரிந்தது. ஒரே சிதறல் டிரான்சிஷன் மூன்று வேறு வேறு வேலைகளில் வந்தது. கடையில் வாங்கிய டெம்ப்ளேட் தொகுப்பின் அடையாளம் அது. ரீலில் இருந்த ஒரு நகை விளம்பரத்தில் அவர் செய்தது வெட்டா, வண்ணமா, எழுத்தா என்ற குறிப்பு எங்கும் இல்லை. ஒரு விளம்பரத்தில் பத்துப் பேர் வேலை செய்திருப்பார்கள், பத்துப் பேரின் ரீலிலும் அது வரும். பங்கு எழுதாத காட்சியைத் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் சான்றாக எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

ஈரோட்டுக்காரரின் ரீல் நான்கு நிமிடம், ரீலுக்கு அது அதிகம். டிரோன், மெதுவாகப் பறக்கும் பூக்கள், எல்லாம் வழக்கமானவை. கை வேகமாக அசையும் இடங்களில் சீப்புப் பற்களைப்போலக் கிடைக்கோடுகள் தெரிந்தன. பழைய கல்யாண கேமராக்களின் இன்டர்லேஸ் காட்சியைச் சரிசெய்யாமல் வெளியேற்றினால் இப்படி வரும். யூடியூப் வேலைக்கு இது குறைதான். கேட்டுத் தெளிய வேண்டும்.

ஆனால் மூன்றாவது நிமிடத்தில் மணப்பெண்ணின் பாட்டி பேசுகிறார். ஒரு நிமிடம்கூட இல்லை. அவர் முகத்தில் தொடங்கி, பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் பேத்தியின் கைக்குப் போகிறது. பாட்டியின் முகம் திரும்பி வருவதற்கு முன் அவருடைய மூச்சுச் சத்தம் வந்துவிடுகிறது. இந்த ஒரு நிமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டோம். எங்கே வெட்டியிருக்கிறார் என்று காதுக்குத் தெரியவில்லை. நேர்காணலில் வாக்கியங்களைக் கழித்து ஒட்டும்போது பின்னணியில் ஃபேன் சத்தம் திக்கித் திக்கி மாறும். அந்த அறையின் வெறும் சத்தத்தைத் தனியாக எடுத்து அடியில் நிரப்பினால்தான் அது மறையும். இவர் நிரப்பியிருக்கிறார். நேர்காணல் வெட்டும் அலுவலகத்துக்கு ரீலில் வேண்டியிருந்த சான்று இதுதான்.

ஷோரீல் காட்டாத ஒன்றும் உண்டு. ‘அபொகலிப்ஸ் நவ்’ (1979) படத்துக்கு 230 மணி நேரத்துக்கு மேல் ஃபுட்டேஜ் இருந்தது, வெளிவந்தது 2 மணி 25 நிமிடம். எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச் இந்தக் கணக்கைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 95 நிமிடம் பார்த்து ஒரு நிமிடம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எடிட்டரின் தீர்ப்பு அந்த 94 நிமிடத்தில் இருக்கிறது, ரீலில் அது வராது. ஆகவே தேர்வானவரிடம் ரீலுக்கு அடுத்தபடியாக, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முழு வேலையையும், அதற்கு வந்த ஃபுட்டேஜ் எவ்வளவு என்பதையும், அதன் டைம்லைனின் ஸ்கிரீன்ஷாட்டையும் கேளுங்கள். பேச்சு, இசை, சத்தம் மூன்றும் தனித்தனி டிராக்கில் இருந்தால் அடுத்தவர் கையில் அந்தப் புராஜெக்ட் சிக்காமல் ஓடும்.

நண்பர் இருவரிடமுமே கேட்டார். ஈரோட்டுக்காரர் அன்று மாலையே பன்னிரண்டு நிமிட முழுக் காட்சியும் ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினார். இன்டர்லேஸ் கோடுகளுக்குக் காரணம் ஸ்டுடியோ கொடுத்த பழைய கோப்புகள் என்றும், தன் புதிய வேலைகளில் அது இல்லை என்றும் எழுதி, ஒன்றை இணைத்திருந்தார். பார்த்தோம், இல்லை. சென்னைக்காரரின் இணைப்பைத் திறந்தால் கூகுள் டிரைவ் அனுமதி கேட்கிறது. அதற்காக அவரைக் கழிக்க வேண்டாம், இன்னொரு முறை கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நேரில் கொடுக்கும் சோதனை எடிட்டைப் பற்றி இந்த வாரமே எழுதுவதாக இருந்தேன். ‘பாரசைட்’ அந்த இடத்தை எடுத்துக்கொண்டது, இதழும் அச்சுக்குப் போக வேண்டும். எத்தனை நிமிட ஃபுட்டேஜ் கொடுப்பது, எத்தனை மணி நேரம் கொடுப்பது, அதற்குப் பணம் தர வேண்டுமா (தர வேண்டும்) என்பதெல்லாம் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் அலுவலக விளம்பரத்தில் ‘கட்டாயம்’ என்று போட்ட ஒவ்வொரு மென்பொருளுக்கும் நேராக, அந்தக் கோப்பை அடுத்துத் திறப்பவர் பெயரை எழுதுங்கள். யார் பெயரும் எழுத முடியாத வரியில் ‘கட்டாயம்’ வேண்டாம்.

(தொடரும்)